மீட்டர் கூட்டிக் காட்டும் சர்க்கரை

2009 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஓர் அவசர எச்சரிக்கை வெளியிட்டது. விரல் நுனியில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளூக்கோமீட்டர் பற்றியது அது. 1997இலிருந்து அதுவரை 13 நோயாளிகள் இறந்த செய்தி அந்த அமைப்புக்கு வந்திருந்தது. ஒவ்வொரு மரணத்திலும் மீட்டர் காட்டிய எண், உண்மையான சர்க்கரை அளவைவிட அதிகமாக இருந்தது. அந்த 13 பேரில் 10 பேர் ஒரே வகை டயாலிசிஸ் திரவத்தைப் பயன்படுத்தி வந்தவர்கள்.

அந்த மீட்டர்கள் பழுதானவை அல்ல. பிழைக்குக் காரணம் காலாவதியான ஸ்ட்ரிப்பும் அல்ல. ஸ்ட்ரிப்பின் நுனியில் இருந்த ஒரு நொதிக்கு, டயாலிசிஸ் திரவத்திலிருந்து ரத்தத்தில் சேர்ந்த மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையை குளூக்கோஸிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டியது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போடப்பட்டது.

ஒரு சொட்டு ரத்தம், ஐந்து விநாடி

குளூக்கோமீட்டருக்குள் மாட்டும் ஸ்ட்ரிப் பார்ப்பதற்கு வெறும் பிளாஸ்டிக் துண்டு. ஆனால் ரத்தத்தை உறிஞ்சும் அதன் நுனியில் மெல்லிய மின்வாய்களும், அவற்றின் மேல் உலர்ந்த நிலையில் ஒரு நொதியும் பூசப்பட்டிருக்கும். மீட்டர் என்ற கருவி உண்மையில் ஒரு மின்னோட்ட அளவி மட்டுமே. வேதியியல் முழுவதும் ஸ்ட்ரிப்பில்தான் நடக்கிறது.

ரத்தம் பட்டதும் நொதி விழித்துக்கொள்கிறது. குளூக்கோஸ் மூலக்கூறு ஒவ்வொன்றிலிருந்தும் எலக்ட்ரான்களைப் பிடுங்கி, அருகில் இருக்கும் இடைத்தரகு வேதிப்பொருளிடம் கொடுக்கிறது. அது மின்வாயிடம் சேர்க்கிறது. எவ்வளவு எலக்ட்ரான் வந்ததோ அவ்வளவு மின்னோட்டம். அதைக் கணக்கிட்டு மீட்டர் 140 என்றோ 220 என்றோ திரையில் காட்டுகிறது.

ஆக, மீட்டர் குளூக்கோஸை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. கல்யாண மண்டப வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணி, உள்ளே எத்தனை விருந்தாளிகள் என்று சொல்வது போன்ற வேலை அது. பக்கத்துக் கோயிலுக்கு வந்தவர்களும் அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் போயிருந்தால், எண்ணியவர் சரியாக எண்ணினாலும் கணக்கு தப்பாகிவிடும்.

அதனால் எந்த மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானை எடுப்பது என்று நொதி எவ்வளவு கறாராகத் தேர்ந்தெடுக்கிறது என்பதே ஸ்ட்ரிப்பின் நம்பகத்தன்மை. சந்தையில் உள்ள ஸ்ட்ரிப்புகளில் இரண்டு குடும்பத்து நொதிகள் உள்ளன. ஒன்று குளூக்கோஸ் ஆக்ஸிடேஸ். மற்றது குளூக்கோஸ் டிஹைட்ரஜனேஸ்.

கறாரான நொதிக்கும் ஒரு குறை

குளூக்கோஸ் ஆக்ஸிடேஸ் பழைய ஆள். டெட்லெவ் முல்லர் 1928இல் பூஞ்சைகளில் இதைக் கண்டறிந்தார். 1962இல் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் நொதியையும் மின்வாயையும் சேர்த்து ரத்தச் சர்க்கரையை அளக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தபோது, அவர்கள் கையில் எடுத்ததும் இதைத்தான். அதற்குப் பிறகு வந்த பல தலைமுறை ஸ்ட்ரிப்புகள் இதன் மேல்தான் நின்றன.

இந்த நொதியின் பெரிய குணம், குளூக்கோஸைத் தவிர வேறு சர்க்கரையை அநேகமாகத் தொடாது என்பது. மால்டோஸ், காலக்டோஸ், சைலோஸ் எது வந்தாலும் கண்டுகொள்ளாது. ஆனால் இயற்கையில் இது எலக்ட்ரானைக் கொடுப்பது ஆக்ஸிஜனிடம். ஸ்ட்ரிப்பிலும் அந்தப் பழக்கம் போவதில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் மிகுந்திருந்தால் எலக்ட்ரான்களில் ஒரு பங்கை அது அடித்துக்கொண்டு போய்விடும்; மின்வாய்க்குக் குறைவாகவே வந்து சேரும்; மீட்டர் குறைத்துக் காட்டும். ஆக்ஸிஜன் குறைந்திருந்தால் நேர்மாறாக, கூட்டிக் காட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்ஸிஜன் ஏற்றப்படும் நோயாளி, உயரமான மலைப் பகுதியில் இருப்பவர் போன்றோரிடம் இந்தப் பிழை தலைதூக்கும்.

இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் நிறுவனங்கள் குளூக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் பக்கம் திரும்பின. இது ஆக்ஸிஜனைச் சட்டை செய்யாது. நரம்பு ரத்தம், தமனி ரத்தம், விரல் நுனி ரத்தம் எதிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்யும்.

ஆனால் எந்த நொதிக்கும் எலக்ட்ரானைக் கைமாற்ற ஒரு துணைப்பொருள் தேவை. டிஹைட்ரஜனேஸ் நொதிகள் அந்தத் துணைப்பொருளைப் பொறுத்து மூன்று வகைப்படும்: பி.க்யூ.க்யூ., எஃப்.ஏ.டி., என்.ஏ.டி. இவற்றில் பி.க்யூ.க்யூ. வகை மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. படுவேகமானது. சிறு சொட்டு ரத்தம் போதும், சில விநாடிகளில் விடை வந்துவிடும். வணிகரீதியில் இதைவிட என்ன வேண்டும்?

சிக்கல் அதன் வாயில் இருந்தது. சர்க்கரை வந்து அமரும் இடம் அந்த நொதியில் அகலமாகத் திறந்து கிடக்கிறது. மால்டோஸ் என்பது இரண்டு குளூக்கோஸ் கைகோத்த இரட்டை மூலக்கூறு. அதன் ஒரு முனை, தனி குளூக்கோஸின் முனையைப் போலவே இருக்கும். அந்த முனை உள்ளே நுழைந்துவிட்டால் போதும். பின்னால் இன்னொன்று ஒட்டிக்கொண்டு வருவதை இந்த நொதி பொருட்படுத்தாமல் எலக்ட்ரானைப் பிடுங்கிவிடும். எஃப்.ஏ.டி., என்.ஏ.டி. வகைகளுக்கு மால்டோஸ் பெரிய தொந்தரவு இல்லை.

நம்மில் பெரும்பாலோருக்கு இந்தக் குறையால் எந்தப் பாதிப்பும் வராது. மால்ட் கலந்த பானம் குடித்தாலும் வராது. வாயால் சாப்பிடும் மால்டோஸைச் சிறுகுடலின் சுவரில் உள்ள மால்டேஸ் நொதி குளூக்கோஸாக உடைத்த பிறகே ரத்தத்துக்கு அனுப்புகிறது. ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் மால்டோஸ் இருக்கிறதா என்று தேடினால் சொற்பமே கிடைக்கும். அது குவிய வேண்டுமானால், குடலைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக உள்ளே வர வேண்டும்.

வயிற்றுக்குள் ஒரு பை திரவம்

சிறுநீரகம் செயலிழந்தவர்களில் பெரும்பாலோர் நம் ஊரில் மருத்துவமனைக்குப் போய், இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொள்கிறார்கள். அதற்கு ஹீமோடயாலிசிஸ் என்று பெயர். அவர்களுக்கு இந்தக் கட்டுரையின் சிக்கல் பொருந்தாது. இன்னொரு முறை பெரிட்டோனியல் டயாலிசிஸ். பேச்சு வழக்கில் வயிற்று டயாலிசிஸ். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இந்த டயாலிசிஸுக்கான பைகளை நோயாளிகளின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதும் ஒரு பகுதி.

வயிற்றில் பொருத்தப்பட்ட மெல்லிய குழாய் வழியாக ஏறக்குறைய 2 லிட்டர் திரவத்தை உள்ளே விடுவார்கள். குடலைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற சவ்வு வடிகட்டியாகச் செயல்படும். ரத்தத்தில் உள்ள கழிவும் மிகை நீரும் சவ்வைத் தாண்டித் திரவத்துக்கு வரும். சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டு, புதுப் பை மாட்டுவார்கள்.

மிகை நீரை இழுப்பதற்குத் திரவத்தில் ஏதேனும் ஒரு கரைபொருள் அடர்த்தியாக இருக்க வேண்டும். வழக்கமான பைகளில் அந்த வேலையைச் செய்வது டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளூக்கோஸ்தான். அது சிறிய மூலக்கூறு. சில மணி நேரத்திலேயே சவ்வின் வழியாக உடம்புக்குள் ஏறிவிடும். அதற்குப் பிறகு நீரை இழுக்க ஆளில்லை. இழுத்த நீரும் திரும்ப உடம்புக்கே போகத் தொடங்கும். இரவு முழுவதும் ஒரே பையை வயிற்றில் வைத்திருப்பவருக்கு இது பெரிய குறை. அதோடு, உள்ளே ஏறும் குளூக்கோஸ் நீரிழிவு நோயாளியின் சர்க்கரையை உண்மையாகவே ஏற்றிவிடும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ஐகோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்திலிருந்து தயாராகும், குளூக்கோஸ் கண்ணிகள் பல கோத்த நீண்ட சங்கிலி. பெரிய மூலக்கூறு என்பதால் சவ்வை எளிதில் தாண்டாது. 8 முதல் 16 மணி நேரம் வரை வயிற்றில் இருந்து நிதானமாக நீரை இழுக்கும். பாக்ஸ்டர் நிறுவனம் எக்ஸ்ட்ரானீல் என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் 1990களிலேயே புழக்கத்துக்கு வந்தது. அமெரிக்காவில் 2002 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. நாளுக்கு ஒரு பை, நீண்ட இடைவெளிக்கு மட்டும் என்பது இதன் பயன்பாட்டு முறை. குளூக்கோஸ் சுமையைக் குறைக்கிறது என்பதால் நீரிழிவு உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மருத்துவர்களுக்குக் கூடுதல் காரணம் இருந்தது. மீட்டரை நம்பி இன்சுலின் போடுபவர்களும் அவர்கள்தான் என்பது இதிலுள்ள முரண்.

மால்டோஸ் எங்கிருந்து வருகிறது

சவ்வை எளிதில் தாண்டாது என்றால் தாண்டவே தாண்டாது என்று பொருளல்ல. வயிற்றின் நிணநீர் நாளங்கள் வழியாக ஐகோடெக்ஸ்ட்ரின் மெல்ல ரத்தத்தை அடைகிறது. ரத்தத்தில் இருக்கும் அமைலேஸ் நொதி அந்தச் சங்கிலியை வெட்டி வெட்டிச் சிறு துண்டுகளாக்குகிறது. இரண்டு கண்ணித் துண்டுதான் மால்டோஸ். மூன்று கண்ணி உள்ளது மால்டோட்ரையோஸ். மால்டோஸைக் குளூக்கோஸாகப் பிளக்கும் மால்டேஸ் நொதி மனித ரத்தத்தில் ஓடுவதில்லை. அது குடல் சுவரிலும் சிறுநீரகக் குழல்களிலும்தான் இருக்கிறது. குடலைத் தாண்டி வந்த மால்டோஸை நல்ல சிறுநீரகம் சமாளித்துவிடும். இந்த நோயாளியிடம் இல்லாதது அந்தச் சிறுநீரகம்தான்.

அதனால் மால்டோஸ் தேங்குகிறது. தினமும் ஒரு பை போட்டுவந்தால், ரத்தத்தில் அதன் அளவு படிப்படியாக ஏறி, டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 110 முதல் 120 மில்லிகிராமில் நிலைகொள்கிறது. பையை நிறுத்தினாலும் உடனே போய்விடாது. முழுவதும் வெளியேற இரண்டு வாரம் வரை ஆகலாம்.

ஒரு பகல் பொழுதின் கணக்கு

இந்த மால்டோஸ் மீட்டரில் என்ன செய்யும் என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம்.

ஒரு பையில் 2 லிட்டர் திரவம்; அதில் ஐகோடெக்ஸ்ட்ரின் 7.5 சதவீதம். அப்படியானால் ஒரு பையில் 150 கிராம். 12 மணி நேரம் வயிற்றில் இருந்தால் அதில் ஏறக்குறைய 40 சதவீதம், அதாவது 60 கிராம் உடம்புக்குள் போகிறது. அது உடைந்து, ரத்தத்தில் 120 மில்லிகிராம் மால்டோஸ் நிலையாக இருக்கிறது என்று கொள்வோம்.

மால்டோஸ் மூலக்கூறின் எடை 342. குளூக்கோஸின் எடை 180. நொதி ஒரு மால்டோஸ் மூலக்கூறை ஒரு குளூக்கோஸாக எண்ணுகிறது என்றால், 120 மில்லிகிராம் மால்டோஸ் திரையில் ஏறக்குறைய 63 மில்லிகிராம் குளூக்கோஸாகத் தெரியும். மூன்று, நான்கு கண்ணித் துண்டுகளும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். ஆக மீட்டர் தோராயமாக 70 கூட்டிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா நோயாளியிடமும் இது ஒரே எண்ணாக இருக்காது. ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். அதனால் மீட்டர் காட்டுவதிலிருந்து 70 கழித்துக்கொண்டால் போதும் என்று கணக்குப் போடவும் வழியில்லை.

இப்போது 58 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். நீரிழிவால் சிறுநீரகம் பழுதாகி, வீட்டில் வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்பவர். இரவுப் பை ஐகோடெக்ஸ்ட்ரின். காலில் புண் என்று ஒரு மருத்துவமனையில் சேர்கிறார். வார்டில் இருக்கும் மீட்டரில் பழைய பி.க்யூ.க்யூ. ஸ்ட்ரிப்.

காலை 7 மணி. உண்மையான சர்க்கரை 140. இது அவருக்கு நல்ல அளவு. மீட்டர் 210 காட்டுகிறது. 200ஐத் தாண்டினால் கூடுதலாக 4 யூனிட் இன்சுலின் என்று அட்டவணை சொல்கிறது, போடுகிறார்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடம்பில் இன்சுலின் சீக்கிரம் கழிவதில்லை. நீண்ட நேரம் நின்று வேலை செய்யும். புண் வலியில் அவர் காலை உணவையும் சரியாகச் சாப்பிடவில்லை.

பதினொரு மணிக்கு உண்மையான சர்க்கரை 50க்கு வந்துவிட்டது. வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சு தடுமாறுகிறது. துணைக்கு இருக்கும் மகள் ஓடுகிறாள்.

“சிஸ்டர், அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுது. லோ சுகர் மாதிரி இருக்கு.”

செவிலியர் உடனே வந்து குத்திப் பார்க்கிறார்.

“120 இருக்கேம்மா, லோ எல்லாம் இல்ல. டாக்டர் வரட்டும், பி.பி.யைப் பார்த்துடலாம்.”

பொய்யான உயர்வின் கொடுமையான பகுதி இங்கேதான் இருக்கிறது. தேவையற்ற இன்சுலின் போட வைத்தது பாதித் தவறு. சர்க்கரை விழுந்த பிறகு அந்த வீழ்ச்சியை மூடி மறைப்பது மீதிப் பாதி. 50 என்று திரை காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் குளூக்கோஸ் கொடுத்திருப்பார்கள். 120 என்று காட்டியதால், பக்கவாதமோ, நோய்த்தொற்றோ, சிறுநீரக நஞ்சோ என்று யோசனை வேறு பக்கம் போகிறது. ஒரு மணி நேரம் கழித்து வலிப்பு வருகிறது. அப்போது உண்மை அளவு 38, மீட்டரில் 108. ஆய்வகத்துக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவு திரும்பி வந்தால்தான் விஷயம் தெரியும். மூளைக்கு குளூக்கோஸைத் தவிர உடனடி எரிபொருள் வேறு இல்லை. நீண்ட நேரம் அது கிடைக்காமல் போனால் ஏற்படும் சேதம் திரும்பச் சரியாகாது.

இந்த நோயாளி கற்பனை. ஆனால் 2004இல் டயாபடீஸ் கேர் என்ற மருத்துவ இதழில், வயிற்று டயாலிசிஸ் செய்துகொண்ட நீரிழிவு நோயாளி ஒருவர் இதே காரணத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்க நிலைக்குப் போன கதையை டிஸ், திவோலே என்ற இரு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எஃப்.டி.ஏ. பட்டியலில் இருந்த 13 பேர் மீளவில்லை.

தெரிந்த பிறகும் தொடர்ந்தது

இந்தப் பிழை 2009இல் திடீரென்று தெரியவந்தது அல்ல. 1998லேயே பெல்ஜிய மருத்துவர்கள், ஐகோடெக்ஸ்ட்ரின் பயன்படுத்துபவர்களிடம் சில கருவிகள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டுவதாக எழுதிவிட்டார்கள். 2005 நவம்பரில் எஃப்.டி.ஏ.யே ஒரு முறை எச்சரித்தது. மருந்துடன் வரும் துண்டுத்தாளிலும் ஸ்ட்ரிப்புடன் வரும் துண்டுத்தாளிலும் விஷயம் அச்சாகியிருந்தது. இருந்தும் மரணங்கள் நிற்கவில்லை.

காரணம் எளிது. டயாலிசிஸ் பிரிவுக்கு இந்த விஷயம் தெரியும். ஆனால் அங்கே யாரும் மயங்கி விழுவதில்லை. நோயாளி மயங்குவது வீட்டில், ஆம்புலன்ஸில், அவசரப் பிரிவில், எலும்பு முறிவு வார்டில். அங்கே இருப்பவருக்கு இவர் எந்தத் திரவம் போடுகிறார் என்று தெரியாது. தெரிந்தாலும், கையில் உள்ள ஸ்ட்ரிப்பில் என்ன நொதி என்று யோசிக்க மாட்டார். நோயாளியோ வாய் பேசும் நிலையில் இல்லை. வீட்டில் பத்திரமான ஸ்ட்ரிப்பை வைத்துக்கொண்டு பல வருடம் ஒழுங்காக இருந்தவர், ஒரு நாள் வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேரும்போது அங்குள்ள மீட்டரிடம் மாட்டிக்கொள்வார்.

அதனால்தான் 2009 எச்சரிக்கை ஒரு படி மேலே போனது. மருத்துவமனைகளில் பி.க்யூ.க்யூ. வகை ஸ்ட்ரிப்பையே தவிர்க்கச் சொன்னது. அமெரிக்காவில் எக்ஸ்ட்ரானீல் மருந்துக் குறிப்பின் தலையில் கட்டம் கட்டிய எச்சரிக்கை இடம்பெற்றது. ஸ்ட்ரிப் நிறுவனங்களும் மாறின. சில நிறுவனங்கள் எஃப்.ஏ.டி. வகைக்குத் தாவின. ரோஷ் நிறுவனம் பி.க்யூ.க்யூ. நொதியையே மரபணு மாற்றத்தின் மூலம் திருத்தி, மால்டோஸை ஏற்காத வடிவத்தைத் தன் ஸ்ட்ரிப்புகளில் கொண்டுவந்தது. இன்று கடையில் வாங்கும் பிரபல ஸ்ட்ரிப்புகளில் பல இந்தச் சிக்கலிலிருந்து விடுபட்டவை.

பல என்றால் எல்லாம் அல்ல. ஒரே பெயருள்ள மீட்டருக்குப் பழைய நொதி ஸ்ட்ரிப்பும் புதிய நொதி ஸ்ட்ரிப்பும் வெவ்வேறு காலங்களில் வந்திருக்கின்றன. ஆகவே மீட்டரின் பிராண்டைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. பார்க்க வேண்டியது ஸ்ட்ரிப் டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளை.

எப்படிக் கண்டுபிடிப்பது

அந்தத் தாளில் இரண்டு இடங்களைத் தேட வேண்டும். முதலாவது, ஸ்ட்ரிப்பில் என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்ற பகுதி. அங்கே குளூக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்று இருந்தால் மால்டோஸ் பயம் இல்லை. குளூக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் என்று இருந்தால் கூடவே பி.க்யூ.க்யூ. என்ற மூன்று எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருத்திய நொதியாக இருந்தாலும் அந்த எழுத்துகள் இருக்கக்கூடும் என்பதால், இரண்டாவது இடத்தையும் பார்த்தாக வேண்டும். எந்தெந்தப் பொருள்கள் அளவீட்டைப் பாதிக்கும் என்று சொல்லும் பகுதி அது. மால்டோஸ் அல்லது ஐகோடெக்ஸ்ட்ரின் அங்கே குறுக்கிடும் பொருளாகக் குறிப்பிடப்பட்டிருந்தால், வயிற்று டயாலிசிஸ் செய்பவர் அந்த ஸ்ட்ரிப்பைத் தொடக்கூடாது. தாளைப் பார்த்தும் தெளிவாகவில்லை என்றால் நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்கலாம். ஸ்ட்ரிப்பின் பெயரோடு லாட் எண்ணையும் சொன்னால் பதில் சரியாகக் கிடைக்கும்.

ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கும் மீட்டரில் சந்தேகம் வந்தால், சோதிக்க ஒரு நேரான வழி உண்டு. ஆய்வகத்தில் கை நரம்பிலிருந்து ரத்தம் எடுக்கும் அதே நேரத்தில் விரலிலும் குத்திப் பார்க்க வேண்டும். ஆய்வகங்கள் பயன்படுத்தும் ஹெக்ஸோகைனேஸ், குளூக்கோஸ் ஆக்ஸிடேஸ் முறைகளை மால்டோஸ் ஏமாற்றாது. வெறும் வயிற்றில் இரண்டுக்கும் சிறு வித்தியாசம் இருப்பது இயல்பு. ஆய்வகம் 110 என்றும் மீட்டர் 180 என்றும் சொன்னால் அது இயல்பல்ல.

மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையில் மால்டோஸ் குறுக்கிடுவதில்லை. ஆனால் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தசோகையும், அதற்குப் போடும் ஊசிகளும் அந்த எண்ணை வேறு வகையில் மாற்றிவிடுவதால், அதை மட்டும் வைத்து மீட்டரைத் தீர்ப்பிட முடியாது. மீட்டரில் எப்போதும் 200க்கு மேல், ஹெச்பிஏ1சியோ தாழ்வு என்று வந்தால் மருத்துவரிடம் சொல்ல அது ஒரு தடயம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடயம் உடம்பு காட்டுவது. வியர்வை, நடுக்கம், குழப்பம், அசாதாரணத் தூக்கம் இருக்கும்போது, ஐகோடெக்ஸ்ட்ரின் போடுபவரிடம் மீட்டர் 110 என்று சொன்னால், எண்ணை ஒதுக்கிவிட்டு உடம்பை நம்ப வேண்டும். விழுங்கும் நிலையில் இருந்தால் குளூக்கோஸ் கொடுத்துவிட்டு ஆய்வகச் சோதனைக்கு அனுப்பலாம். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது; மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும்.

டயாலிசிஸ் திரவம் தவிர மால்டோஸ் ரத்தத்துக்கு நேராகப் போகும் வேறு சில வழிகளும் உண்டு. நரம்பு வழியாக ஏற்றும் இம்யூனோகுளோபுலின் மருந்துகளில் ஆக்டகாம் போன்றவற்றில் மால்டோஸ் சேர்க்கப்பட்டிருக்கிறது. முடக்குவாதத்துக்கு நரம்பில் ஏற்றப்படும் அபடாசெப்ட் மருந்திலும் அது இருக்கிறது. இவை இடைவெளி விட்டு ஏற்றப்படுபவை. ஐகோடெக்ஸ்ட்ரின் போலத் தினமும் வருபவை அல்ல. என்றாலும் அந்த நாள்களில் சர்க்கரை பார்க்க நேர்ந்தால் ஸ்ட்ரிப் பற்றிய கேள்வி அங்கேயும் பொருந்தும்.

வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்ளும் நீரிழிவு நோயாளி வீட்டில் இருந்தால், குடும்பத்தார் இந்த வாரமே இரண்டு காரியம் செய்யலாம். பையின் மேல் என்ன மருந்துப் பெயர் அச்சாகியிருக்கிறது, வீட்டு ஸ்ட்ரிப்பில் என்ன நொதி இருக்கிறது என்பதை அடுத்த முறை டயாலிசிஸ் மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது ஒன்று. “ஐகோடெக்ஸ்ட்ரின் பயன்படுத்துகிறார், மால்டோஸ் பாதிக்கும் ஸ்ட்ரிப்பில் சர்க்கரை பார்க்க வேண்டாம்” என்று ஒரு சீட்டில் எழுதி, நோயாளியின் பணப்பையிலும் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலும் வைப்பது இன்னொன்று. அந்தப் பையை நிறுத்திய பிறகும் 14 நாள் கழியும்வரை சீட்டு அங்கேயே இருக்கட்டும்.